அறுப்பின் பண்டிகைப் பாட்டு: ஞாயிறு காலை திரையில் போட வேண்டியது, 9 சிலைடுகள்

தம்பி, பாட்டு முழுவதையும் சிலைடு வாரியாகக் கீழே போட்டிருக்கிறேன். பவர்பாயின்ட் ஃபைலும் அனுப்பிவிட்டேன், ஆனாலும் ஒரு தடவை இதைக் கையில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துவிடு. ஏனென்றால் இது பாமாலையிலோ கீர்த்தனையிலோ இருக்கிற பாட்டு இல்லை. நம்ம டீச்சரக்கா இந்தப் பண்டிகைக்கென்றே எழுதியது, பாடகர் குழுவைத் தவிர யாருக்கும் மனப்பாடம் கிடையாது. சபைக்கு அன்றைக்குத் திரைதான் பாட்டுப் புத்தகம்.

எழுத்து Nirmala UI, போல்ட், அளவு 54. விண்டோஸில் அதுவே இருக்கும் என்பதால் கோயில் லேப்டாப்பில் தனியாக எதுவும் ஏற்ற வேண்டாம். போன வருஷம் யாரோ பாமினியில் தட்டிய ஃபைல் வந்தது ஞாபகம் இருக்கிறதா, அந்த ஃபான்ட் இல்லாததால் "அன்பு" இருக்க வேண்டிய இடத்தில் md;G என்று நின்றது, முதல் சரணம் முடியும் வரை பாடகர் குழு மட்டும்தான் பாடியது, சபை முழுவதும் எழுந்து சும்மா நின்றது. எனக்கு அது இன்னும் மனதில் உறுத்துகிறது. அதனால் இந்தத் தடவை எல்லாமே யூனிகோட்.

60 வைத்துப் பார்த்தேன், "ஆண்டவரே" தனியாக அடுத்த வரிக்கு இறங்குகிறது. பாடுகிறவர்கள் அங்கே மூச்சு விடுகிறார்கள், ராகம் அங்கே நிற்பதில்லை. 54தான் சரி. பவர்பாயின்ட் தானாக எழுத்தைச் சுருக்குகிற வசதியை எல்லாப் பெட்டியிலும் நிறுத்திவைத்திருக்கிறேன், திரும்பப் போட்டுவிடாதே, போட்டால் ஒரு சரணம் பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் வரும். வரி இடைவெளி 1.2. அதற்குக் கீழே போனால் மேல்வரியின் "கு", "ழு" எல்லாவற்றின் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் "வி", "தீ" மேல்வளைவில் போய் முட்டும்.

கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. நெல் வயல் படம் வைக்கலாமே என்று இரண்டு பேர் கேட்டார்கள், நான் சம்மதிக்கவில்லை. மஞ்சள் கதிர் மேல் வெள்ளை எழுத்தைக் கடைசி பெஞ்சில் இருக்கிற பாட்டிமார் எப்படிப் படிப்பார்கள்? கதிரும் வாழைத்தாரும் பீடத்தின் முன்னாலேயே நிஜமாக இருக்கப் போகிறது.

சிலைடு 1

அறுப்பின் பண்டிகை
காணிக்கைப் பாட்டு

(ஐயர் காணிக்கை அறிவிப்பைச் சொல்லும்போது இது நிற்கட்டும். ஆர்கனில் முன்னிசை தொடங்கியதுமே அடுத்ததற்குப் போய்விடு, பாடத் தொடங்குவதற்கு முன்னாலேயே முதல் வரியைக் கண் பார்த்திருக்க வேண்டும்.)

சிலைடு 2, பல்லவி

விதைத்தவர் உறங்கிய வேளையிலும்
விளைச்சலைக் காத்த எம் ஆண்டவரே
முதற்பலன் ஏந்தி வந்தோம்
முழுமனதாய் உம்மைப் பாடுகின்றோம்

(பாடகர் குழு ஒரு தடவை, சபை சேர்ந்து ஒரு தடவை. இரண்டுக்கும் இதே சிலைடு. அன்றைய பிரசங்க வசனம் மாற்கு 4:26, 27, விதைத்தவன் தூங்கி எழுகிறான், விதை அவனுக்குத் தெரியாமலே முளைக்கிறது என்கிற இடம். அதிலிருந்துதான் டீச்சரக்கா முதல் வரியை எடுத்தார்கள். "உறங்கிய" என்பதை யாராவது "உழைத்த" என்று மாற்றச் சொன்னால் மாற்றாதே, பாட்டின் உயிரே அந்த வார்த்தையில்தான் இருக்கிறது.)

சிலைடு 3, சரணம் 1

கார்மழை பொய்த்ததும் கலங்கி நின்றோம்
காய்ந்திட்ட குளம் கண்டு கண்ணீர் விட்டோம்
ஐப்பசி மேகத்தில் அருளை வைத்தீர்
அலைபுரண்டோட எம் குளம் நிறைத்தீர்

(இரண்டாவது வரி பாட்டின் நீளமான வரிகளில் ஒன்று. ப்ரொஜெக்டரில் "விட்டோம்" ஓரத்தில் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று சனிக்கிழமை சாயங்காலமே பார்த்துவிடு.)

சிலைடு 4, பல்லவி

விதைத்தவர் உறங்கிய வேளையிலும்
விளைச்சலைக் காத்த எம் ஆண்டவரே
முதற்பலன் ஏந்தி வந்தோம்
முழுமனதாய் உம்மைப் பாடுகின்றோம்

(பல்லவியை ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் முழுதாகப் போட்டிருக்கிறேன். "பல்லவி" என்று ஒரு வார்த்தை மட்டும் போட்டுவிட்டால் புதுப் பாட்டில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? உனக்கும் பின்னால் ஓடிப்போகிற வேலை இல்லை, முன்னால் தட்டிக்கொண்டே போனால் போதும்.)

சிலைடு 5, சரணம் 2

நாற்று நட்ட கைகள் நடுங்கும் வேளை
நம்பிக்கை தந்து நீர் தாங்கிக்கொண்டீர்
சேற்றிலே நின்றவர் ஜெபம் கேட்டீர்
சோற்றிலே உம் அன்பைச் சுவைக்கச் செய்தீர்

(இதைப் பெண்கள் மட்டும் பாடுகிறார்கள். சிலைடில் அதை எழுத வேண்டாம், பாடகர் குழுத் தலைவர் கையைக் காட்டுவார். நான்கு வரியும் ஒன்றாகவே நிற்க வேண்டும். இரண்டிரண்டாகப் பிரித்தால் திரையில் இடம் தாராளமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் "தாங்கிக்கொண்டீர்" முடிந்து "சேற்றிலே" தொடங்க அரை மூச்சுகூட இடைவெளி இல்லை, நீ எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் சபை ஒரு சொல் பின்தங்கும்.)

சிலைடு 6, பல்லவி

விதைத்தவர் உறங்கிய வேளையிலும்
விளைச்சலைக் காத்த எம் ஆண்டவரே
முதற்பலன் ஏந்தி வந்தோம்
முழுமனதாய் உம்மைப் பாடுகின்றோம்

சிலைடு 7, சரணம் 3

வாழையும் தென்னையும் வாசலிலே
வறியவர் பங்கையும் சேர்த்து வைத்தோம்
ஏழையின் பசி எங்கள் பசி என்று
எண்ணிடும் உள்ளத்தை ஈந்திடுமே

(இங்கே வேகம் குறையும். கடைசி வரியை இரண்டு தடவை பாடுவார்கள், முதல் தடவை முடிந்ததும் கை பரபரக்கும், தட்டிவிடாதே. இரண்டாவது "ஈந்திடுமே" இழுத்து நிற்கும்போது மாற்று.)

சிலைடு 8, பல்லவி

விதைத்தவர் உறங்கிய வேளையிலும்
விளைச்சலைக் காத்த எம் ஆண்டவரே
முதற்பலன் ஏந்தி வந்தோம்
முழுமனதாய் உம்மைப் பாடுகின்றோம்

(காணிக்கை கொண்டு வருகிறவர்கள் வரிசை இன்னும் முடியவில்லை என்றால் சரணம் 1லிருந்து திரும்பப் பாடுவார்கள். அப்போது 3 அழுத்தி Enter தட்டு, நேராக அந்தச் சிலைடுக்குப் போகும், சபை முன்னால் பின்னோக்கி ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்ட வேண்டாம். போன தடவை பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்த சின்னப் பையனுக்காக மொத்தச் சபையும் காத்திருந்தது, அழகாகத்தான் இருந்தது, அப்படி நடந்தால் அவசரப்படாதே.)

சிலைடு 9

(வெறும் கறுப்பு, ஒரு எழுத்தும் இல்லை. ஐயர் ஜெபிக்கும்போது இதுதான் நிற்க வேண்டும். நடுவில் ஏதாவது தவறினாலும் B அழுத்து, திரை கறுப்பாகும், மறுபடி B அழுத்தினால் விட்ட இடத்துக்கே வரும்.)

இன்னொரு விஷயம். ஒவ்வொரு சிலைடிலும் கீழே கால்வாசி காலியாக விட்டிருக்கிறேன், அதை நிரப்ப வேண்டாம். பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிற்பார்கள், முன்வரிசைக்காரர்களின் தலை அந்த இடத்தைத்தான் மறைக்கும். சனிக்கிழமை 6 மணிக்கு நான் கோயிலில் இருப்பேன். நீ லேப்டாப்பைப் போடு, நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத வரி எதுவாக இருந்தாலும் அங்கேயே திருத்திவிடலாம், அப்புறம் நீ வீட்டுக்குப் போகலாம்.