ஜெனரேட்டர் இயங்காதது குறித்த நிகழ்வு அறிக்கை: அக்டோபர் 24 இரவு

பெறுநர்: மருத்துவக் கண்காணிப்பாளர்
அனுப்புநர்: இரவுப் பணி நர்சிங் சூப்பர்வைசர்
நாள்: 25.10.2024

ஐயா,

நேற்று வியாழக்கிழமை இரவு 9.42-க்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. 10.14 வரை, 32 நிமிடம், மருத்துவமனை முழுவதும் சப்ளை இல்லாமல் இருந்தது. உயிரிழப்போ காயமோ இல்லை. ஆனால் ஐசியுவில் ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் கையால் சுவாசம் கொடுக்க வேண்டி வந்தது. அதனால் இதைச் சிறிய தடங்கல் என்று என்னால் எழுத முடியாது.

மாலை 6 மணி முதல் நல்ல மழையும் காற்றும். குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் ஒன்று 11 கேவி லைனில் சாய்ந்ததாக மின்வாரியத்தில் சொன்னார்கள். அதற்கு முன்பே மூன்று முறை கரண்ட் போய் வந்தது. மூன்று முறையும் ஜெனரேட்டர் தானாக எடுத்தது. நான்காவது முறை பேனல் மூன்று தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, அலாரம் அடித்து நின்றுவிட்டது.

9.45-க்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கையால் எடுத்துப் பார்த்தார். 'டக், டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. டீசல் இருந்தது, பேட்டரிதான் இறங்கிப் போயிருந்தது. 9.58-க்கு ஆம்புலன்ஸைப் பின்வாசலுக்குக் கொண்டுவந்து, அதன் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்தோம். முதல் முறை கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. 10.11-க்கு இன்ஜின் எடுத்தது. ஐசியுவுக்கும் தியேட்டருக்கும் 10.14-க்கும், மற்ற வார்டுகளுக்கு 10.20-க்கும் சப்ளை கொடுத்தோம்.

ஐசியுவில் நான்கு பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் வென்டிலேட்டரில். அரை மணி நேரம் தாங்கும் என்று நாம் நம்பியிருந்த யூபிஎஸ் 9.57-க்கே நின்றது. அதன்பின் வென்டிலேட்டர் தன் சொந்த பேட்டரியில் ஓடியது, 10.04-க்கு அதுவும் குறைவு என்று அலாரம் கொடுத்தது. ஸ்டாஃப் நர்ஸ் 9.43-க்கே அம்பு பையை ஆக்சிஜனோடு இணைத்துக் கட்டிலருகே நின்றிருந்ததால், ஒரு நொடிகூட வீணாகாமல் கையால் கொடுக்கத் தொடங்கினார். டியூட்டி டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். 10.14 வரை ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போகவில்லை. மத்திய ஆக்சிஜன் சிலிண்டர் மேனிஃபோல்டிலிருந்து வருவதால் அதற்குத் தடையில்லை. ஆண்கள் வார்டில் கான்சன்ட்ரேட்டரில் இருந்த இருவரையும் உடனே சிலிண்டருக்கு மாற்றினோம்.

பிரசவ அறையில் 9.55-க்கு ஒரு சுகப்பிரசவம், எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில். வார்மர் வேலை செய்யாததால் குழந்தையைத் துடைத்து, தாயின் மார்போடு சேர்த்து, மேலே துணி போர்த்தினோம். "பயப்படாத மக்ளே, உன் உடம்புச் சூடே பிள்ளைக்குப் போதும்" என்று மூத்த சிஸ்டர் அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். போட்டோதெரபியில் இருந்த இரண்டு குழந்தைகளையும் அதே போலத் தாய்மாரிடம் கொடுத்தோம். 10.15-க்கு மூன்று குழந்தைகளின் வெப்பமும் 36.5-க்கு மேல் இருந்தது.

டயாலிசிஸில் கடைசி ஷிப்டில் ஒருவர். இயந்திரத்தின் பேட்டரி ஓடும்போதே ரத்தத்தைத் திருப்பி ஏற்றி, 40 நிமிடம் மீதியிருக்க நிறுத்தினோம். அவருக்கு நாளை மறுபடி நேரம் கொடுத்திருக்கிறது. தடுப்பூசி ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை, காலையில் பார்த்தபோது 6 டிகிரி. லிஃப்டில் யாரும் இல்லை.

1.25-க்கு மெயின் வந்தது. ஜெனரேட்டரை அணைத்தால் மறுபடி எடுக்காது என்பதால், காலை 8.30-க்குப் புது பேட்டரி வரும் வரை லோடு இல்லாமல் ஓடவிட்டோம்.

காரணம்: பேனலில் உள்ள பேட்டரி சார்ஜரின் ஃபியூஸ் போயிருந்தது, இன்ஜினின் சார்ஜிங் பெல்ட்டும் தளர்ந்திருந்தது. அதனால் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் செலவானது திரும்ப ஏறவில்லை. திங்கட்கிழமை சோதனையில் ஒரே ஒரு முறை எடுத்துப் பார்த்து 'சரி' என்று எழுதியிருக்கிறோம். ஒரு முறை எடுக்கும் பேட்டரி நான்காம் முறையும் எடுக்கும் என்று அந்தச் சோதனை காட்டாது. சார்ஜர் விளக்கு எரிகிறதா என்று பார்க்க அந்தத் தாளில் கட்டமே இல்லை. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 13 நிமிடம் நம் ஒரே ஆம்புலன்ஸ் ஜெனரேட்டரோடு கட்டுண்டு கிடந்தது. அந்த நேரத்தில் அழைப்பு வராதது நம் அதிர்ஷ்டம்.

இன்று ஃபியூஸையும் பெல்ட்டையும் மாற்றியாகிவிட்டது. சார்ஜர் விளக்கை ஒவ்வொரு ஷிப்டிலும் பார்த்து எழுதும்படி வார்டு பதிவேட்டில் சேர்த்திருக்கிறேன். முழுதாக சார்ஜ் ஏறிய மாற்று பேட்டரி ஒன்றும் நல்ல ஜம்பர் கேபிளும் ஜெனரேட்டர் அறையில் எப்போதும் இருக்க வேண்டும். ஐசியு யூபிஎஸ் பேட்டரிகளை இந்த வாரமே மாற்ற அனுமதி கேட்கிறேன். வடகிழக்குப் பருவமழை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மாற்றும் வரை ஐசியுவில் இரவு ஷிப்டுக்கு ஒரு நர்ஸைக் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.