கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் 40ஆவது ஆண்டு விழாவில் இளம் உறுப்பினர் ஆற்றிய நன்றியுரை

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயாவுக்கும், கூட்டுறவுத் திணைக்களத்தில் இருந்து வந்திருக்கும் உத்தியோகத்தர்களுக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஸ்தாபகர்கள் நான்கு பேருக்கும், பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கும் என் கூட்டாளிமாருக்கும்.

காலையில் பெரியப்பா, "பேச எத்தனை நிமிசம் வேணும் தம்பி?" என்று கேட்டார். பத்து என்றேன். "ஐந்தில் முடி" என்றார். கடன் விண்ணப்பத்தோடு போன எவருக்கும் இந்தக் குரல் பழக்கம்தான்.

இந்த மேசையில் ஒரு தராசு இருக்கிறது. கொக்கி தேய்ந்து, முகம் துருப்பிடித்து, முள் எங்கேயோ சிக்கி நிற்கிறது. சங்கத்தின் முதல் சொத்து இதுதான். பதினொரு பேர் காசு போட்டுச் சேர்த்த பணத்தில் வலை வாங்கலாம், இயந்திரம் வாங்கலாம் என்றெல்லாம் பேச்சு வந்ததாம். கடைசியில் இவர்கள் வாங்கியது தராசு. ஏன் என்று நான் சின்ன வயதில் அப்பப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.

அப்போது வள்ளமும் வலையும் முதலாளி கொடுத்த முற்பணத்தில் வந்தவை. பிடித்த மீன் அவருக்குத்தான் போக வேண்டும். விலையும் அவர் சொல்வதுதான், நிறையும் அவர் சொல்வதுதான். கூடையைக் கண்ணால் பார்த்து "இருபது கிலோ" என்றால் இருபது கிலோ. தராசு வந்த மறுநாள் அப்பப்பா ஒரு கூடைச் சூடையை இந்தக் கொக்கியில் மாட்டினார். முள் 26இல் போய் நின்றது. யாரும் சத்தம் போடவில்லையாம். இன்னொரு கூடையை மாட்டிப் பார்த்தார்களாம், அவ்வளவுதான்.

அப்புறம் வாடைக்காலச் சேமிப்பு. கார்த்திகை, மார்கழியில் நம்ம கடல் வள்ளத்தைக் கரையை விட்டு நகர விடாது. அடுப்பு மட்டும் எரிந்தாக வேண்டும். மீன் படும் மாதங்களில் கிலோவுக்கு இவ்வளவு என்று சங்கம் பிடித்து வைத்தது. பிடிக்கும்போது எல்லோரும் திட்டினார்கள், என் அம்மாவும்தான். மார்கழியில் திட்டியவர்கள் யாருமில்லை.

2004 டிசம்பர் 26இல் கணக்குப் புத்தகங்களும் கடலோடு போயின. முகாமில் இருந்தபடியே, ஒரு கொப்பியில் யார் எவ்வளவு கடன் என்று நினைவிலிருந்து இவர்கள் திரும்ப எழுதினார்கள். தன் கடனைக் குறைத்துச் சொன்னவர் ஒருவருமில்லை. சேமிப்பைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னவர் ஒருவர் இருந்தாராம். பெயர் எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அவரும் இங்கே இருக்கிறார்.

இப்போது என் கதை. 2021இல் 40 குதிரைவலு இயந்திரத்துக்குக் கடன் கேட்டேன். கூட்டாளிமார் எல்லோரும் பெரிய இயந்திரம் வைத்திருந்தார்கள், எனக்கும் ஆசை. நிர்வாகக் கூட்டத்தில் பெரியப்பா என் சேமிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். "மூன்று மாதம் கட்டவில்லை. பதினைந்து குதிரைவலுவுக்குத்தான் தரலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கூட்டம் முடியும் முன்பே எழும்பிப் போனேன். அது மரியாதை இல்லை என்று இப்போது தெரிகிறது.

அன்று பின்னேரம் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் ஏதோ அறிவுரை என்று நினைத்தேன். "பிணைக்கு ரெண்டு பேர் வேணும், ஆள் இருக்கா?" என்றார். ஒருவர் இருக்கிறார் என்றேன். "சரி, மற்றதுக்கு நான் கையெழுத்துப் போடுறன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அடுத்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. பெரிய இயந்திரங்கள் எத்தனை நாள் கரையில் கிடந்தன என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். என் சின்ன இயந்திரம் டச்சுக்குடாவைத் தாண்டி, கோணேசர் மலையைச் சுற்றி, மெல்ல மெல்லப் போய்வந்தது. பெரிய லாபம் இல்லை. ஆனால் தவணை தவறவில்லை.

அதனால் பெரியப்பா, நீங்கள் தந்த கடனுக்கு நன்றி. தராத கடனுக்கு இன்னும் கொஞ்சம் கூட.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. கட்டடம் வரும்வரை கூட்டங்கள் நடந்தது பெரியம்மாவின் விறாந்தையில். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிளேன்டீ ஊற்றியவர் அவர்தான். சீனி யார் காசு என்று இன்றுவரை எந்தக் கணக்கறிக்கையிலும் வரவில்லை. கணக்குப் பரிசோதகர் ஐயா கவனிக்கவும்.

ஸ்தாபகர்கள் நால்வரையும் பெரியம்மாவையும் மேடைக்கு அழைக்கிறேன். பொன்னாடை போர்த்த எங்கள் இளைஞர் அணியினர் வரவும். தம்பிமாரே, அந்தத் தராசை ஓரமாகத் தள்ளாதீர்கள், அவர்கள் பக்கத்தில் வையுங்கள்.

ஆறு நிமிடம் ஆகிவிட்டது பெரியப்பா. ஒரு நிமிடத்தைக் கடனில் எழுதிக்கொள்ளுங்கள்.