ஒளிச்சேர்க்கை: முகிலுக்கு அக்கா எழுதிய குறிப்பும் கேள்விகளும்

முகில்,

செவ்வாய்க்கிழமை எங்கள் மேடம் இங்கிலீஷில் நடத்திய ஒளிச்சேர்க்கை பாடத்தை உனக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். வரிக்கு வரி மாற்றவில்லை. உனக்குத் தேவையில்லாத கணக்குகளை விட்டுவிட்டேன். நீ எப்போதும் தடுமாறும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். கேள்விகள் கடைசியில் இருக்கின்றன. படித்துவிட்டு நோட்டை மூடு, அப்புறம் பதில் எழுது. விடையை முதலிலேயே பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்!

மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

மேடம் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தார். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் 200 ராத்தல் காய்ந்த மண்ணில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் சுமார் 169 ராத்தல் ஆனது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான். அப்படியானால் மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டினார். மண் இல்லை என்றது சரி. ஆனால் காற்றை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. உலர்ந்த மரக்கட்டையில் பெரும்பங்கு காற்றிலிருந்த கார்பன் டைஆக்சைடு தந்தது.

1771இல் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மீண்டும் சரிசெய்வதைக் கண்டார். 1779இல் இங்கன்ஹௌஸ், அதற்கு வெளிச்சம் வேண்டும், பச்சைப் பகுதிகள்தான் அதைச் செய்கின்றன என்று காட்டினார்.

எங்கே நடக்கிறது?

இலைச் செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகத்தில். அதன் உள்ளே தட்டுத் தட்டாக இருப்பவை தைலகாய்டுகள், அவற்றின் அடுக்கு கிரானம், சுற்றியுள்ள திரவம் ஸ்ட்ரோமா. ஒளியைப் பிடிக்கும் ஒளிவினை தைலகாய்டு சவ்வில், கார்பன் டைஆக்சைடைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சி ஸ்ட்ரோமாவில். இதை மாற்றி எழுதி மார்க்கை விடாதே, போன பரிட்சையில் நடந்தது போல.

பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகமாக உறிஞ்சுகிறது. பச்சையைக் குறைவாக உறிஞ்சுவதால்தான் இலை நம் கண்ணுக்குப் பச்சை.

ஒளிவினை

ஒளியைப் பிடிக்கும் பச்சையத் தொகுதிகள் இரண்டு: ஒளிஅமைப்பு 2 முதலில், ஒளிஅமைப்பு 1 பிறகு. எண் தலைகீழாக இருக்கிறதே என்று குழம்பாதே. கண்டுபிடித்த வரிசையில் பெயர் வைத்துவிட்டார்கள், வேலை நடக்கும் வரிசை வேறு.

ஒளி பட்டதும் ஒளிஅமைப்பு 2இன் பி680 பச்சையம் ஒரு எலக்ட்ரானை இழக்கிறது. அந்தக் குறையை நிரப்ப நீர் மூலக்கூறு பிளக்கப்படுகிறது. எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் கிடைக்கின்றன, மிஞ்சுவது ஆக்சிஜன். எலக்ட்ரான் கைமாறிக் கைமாறி ஒளிஅமைப்பு 1க்கு (பி700) போய், கடைசியில் எலக்ட்ரானைச் சுமக்கும் என்.ஏ.டி.பி.ஹெச். உருவாகிறது. போகிற வழியில் புரோட்டான்கள் தைலகாய்டுக்கு உள்ளே சேர்கின்றன. மேட்டூர் அணையில் தேங்கிய தண்ணீர் வெளியே பாயும்போது சுழலியைச் சுற்றுகிற மாதிரி, அவை ஒரு நொதி வழியாக வெளியே வரும்போது ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. உண்டாகிறது என்றார் மேடம்.

இனி முக்கியமான இடம். வெளிவரும் ஆக்சிஜன் கார்பன் டைஆக்சைடிலிருந்து வருகிறது என்றுதான் நீ போன வாரம் போனில் சொன்னாய். இல்லை, முழுக்க நீரிலிருந்து. 1941இல் ரூபனும் காமனும், எடை கூடிய ஆக்சிஜன்-18 கொண்ட நீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிவந்த ஆக்சிஜனில் அந்த 18 இருந்தது. சமன்பாடும் அதையே சொல்கிறது:

6CO₂ + 12H₂O → C₆H₁₂O₆ + 6O₂ + 6H₂O

இரு பக்கமும் நீர் இருக்கிறதே, அடித்துவிட்டு 6H₂O என்று எழுதினால் என்ன என்று கேட்பாய். கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் 6O₂வில் 12 ஆக்சிஜன் அணு இருக்கிறது. அத்தனையும் நீரிலிருந்து வர வேண்டுமென்றால் 6 நீர் போதாது, 12 வேண்டும். வலப்பக்கம் இருக்கும் 6 நீர் புதிதாக உண்டானது.

கால்வின் சுழற்சி

இதற்கு ‘டார்க் ரியாக்‌ஷன்’ என்று பழைய பெயர். மொழிபெயர்க்கும்போது ‘இருள்வினை’ என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இரவில் நடக்கும் வினை என்று தோன்றிவிடும். நிஜத்தில் இது பகலில் நடக்கிறது. இதற்கு வேண்டிய ஏ.டி.பி.யும் என்.ஏ.டி.பி.ஹெச்.சும் பகலில்தானே கிடைக்கின்றன! அதனால் ‘ஒளியை நேரடியாகச் சாராத வினை’ என்றே படி.

ஸ்ட்ரோமாவில் ரூபிஸ்கோ நொதி, 5 கார்பன் உள்ள ஆர்.யு.பி.பி.யோடு ஒரு CO₂வை இணைக்கிறது. வருவது 3 கார்பன் உள்ள பி.ஜி.ஏ. இரண்டு. இதைக் கால்வின் குழு கதிரியக்கக் கார்பன்-14ஐப் பாசியில் செலுத்திக் கண்டது. கால்வினுக்கு 1961இல் நோபல் கிடைத்தது.

கார்பனை எண்ணிப் பார்: 6 CO₂வும் 6 ஆர்.யு.பி.பி.யும் சேர்ந்து 36 கார்பன், அதாவது 12 மூன்று-கார்பன் மூலக்கூறு. அதில் 2 சர்க்கரைக்குப் போகும் (6 கார்பன்). மீதி 10 (30 கார்பன்) மறுபடியும் 6 ஆர்.யு.பி.பி. ஆகும். செலவு 18 ஏ.டி.பி., 12 என்.ஏ.டி.பி.ஹெச்.

ரூபிஸ்கோவுக்கு ஒரு கெட்ட பழக்கம்: சூடான நாளில் CO₂வுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அதுதான் ஒளிச்சுவாசம். கரும்பும் மக்காச்சோளமும் CO₂வை முதலில் 4 கார்பன் அமிலமாக்கி, கற்றை உறை செல்களில் குவித்துக் கொடுத்து இதைத் தவிர்க்கின்றன. நெல்லுக்கு அந்த வசதி இல்லை.

கேள்விகள்

1. வான் ஹெல்மான்ட் எதைக் கணக்கில் விட்டார்?
2. ஒளி வேண்டும் என்று காட்டியவர் யார், எந்த ஆண்டு?
3. ஒளிவினை எங்கே, கால்வின் சுழற்சி எங்கே?
4. இலை ஏன் பச்சை?
5. பி680 எந்த ஒளிஅமைப்பில் உள்ளது?
6. பி680 இழந்த எலக்ட்ரானை ஈடுகட்டுவது எது?
7. வெளிவரும் ஆக்சிஜன் எதிலிருந்து? ஆதாரம் என்ன?
8. சமன்பாட்டில் ஏன் 12 நீர்?
9. ‘இருள்வினை’ என்ற பெயர் ஏன் பொருத்தமில்லை?
10. CO₂வைப் பிடிக்கும் நொதி எது? முதலில் நிலைக்கும் சேர்மம் எது?
11. ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏ.டி.பி., எத்தனை என்.ஏ.டி.பி.ஹெச்.?
12. வெயிலில் நெல்லைவிடக் கரும்புக்கு ஏன் ஒளிச்சுவாச நட்டம் குறைவு?

விடைகள்

1. காற்றை (CO₂). 2. இங்கன்ஹௌஸ், 1779. 3. தைலகாய்டு சவ்வு, ஸ்ட்ரோமா. 4. பச்சை ஒளியைக் குறைவாக உறிஞ்சுவதால். 5. இரண்டில். 6. நீர். 7. நீரிலிருந்து, ஆக்சிஜன்-18 சோதனை. 8. வெளிவரும் 12 ஆக்சிஜன் அணுவும் நீரிலிருந்தே வருவதால். 9. ஒளிவினை தரும் பொருள்கள் வேண்டும் என்பதால் பகலில்தான் நடக்கிறது. 10. ரூபிஸ்கோ, பி.ஜி.ஏ. 11. 18 ஏ.டி.பி., 12 என்.ஏ.டி.பி.ஹெச். 12. ரூபிஸ்கோவைச் சுற்றி CO₂வைக் குவித்துக்கொள்வதால்.

7, 8, 9 மூன்றையும் முழு வாக்கியமாக எழுதி, சனிக்கிழமை படம் எடுத்து அனுப்பு.

அக்கா