கடைப் பணியாளர்கள் கவனத்துக்கு

வரும் திங்கள்கிழமை முதல் நம் களியக்காவிளை கடையில் பார்கோடு ஸ்கேனரில்தான் பில் போடப்படும். இதனால் யாருக்கும் வேலை போகாது. அந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள்.

பார்கோடில் விலை இல்லை. அதில் இருப்பது கோடுகளுக்குக் கீழே அச்சாகியிருக்கும் எண் மட்டுமே. பெரும்பாலான பொட்டலங்களில் அது 13 இலக்கம். கடைசி இலக்கம் மற்றவை சரியா என்று சோதிப்பதற்கு. பெயரும் விலையும் நம் கணினியில் இருக்கின்றன. நாம் தப்பாக ஏற்றினால் பில்லும் தப்பாகத்தான் வரும். உறை கசங்கி ஸ்கேன் ஆகாவிட்டால் எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். பக்கத்துப் பொருளை ஸ்கேன் செய்து ஒப்பேற்ற வேண்டாம், இருப்புக் கணக்கு இரண்டிலும் கெடும்.

ஒரே சோப்பு பழைய விலையிலும் புதிய விலையிலும் வரும், எண் மாறாது. திரையில் இரண்டு விலை தெரிந்தால், உறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காலாவதி தேதியும் அந்தக் கோட்டில் கிடையாது. சரக்கு இறங்கும்போதே கிடங்கில் இருப்பவர் அதைப் பதிய வேண்டும். பதிந்தால்தான் மென்பொருள் முன்கூட்டியே எச்சரிக்கும்.

மட்ட அரிசி, ஏத்தங்காய் சிப்ஸ் போன்ற சில்லறைச் சரக்குக்கு எடை போட்டு நாமே லேபிள் ஒட்டுவோம்.

ஓணத்துக்கு முன் பாறசாலைப் பக்கத்திலிருந்து கூட்டம் வரும். எது தீர்கிறது என்று மென்பொருள் சொல்லும். எலி கடித்ததையும் உடைந்ததையும் அது அறியாது. அவற்றை அன்றன்றே எழுதிக் கொடுங்கள்.

– கடை உரிமையாளர்