ஜனவரி மாத ஜிஎஸ்டி ஏன் 78,200 ரூபாய்?

17.02.2026
கோவில்பட்டி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நவம்பருக்கு 18,600 கட்டினோம், டிசம்பருக்கு ஒன்றுமே கட்டவில்லை, ஜனவரிக்கு மட்டும் எப்படி 78,200 என்று நேற்று போனில் கேட்டீர்கள். கடையில் ஆள் நின்றதால் சரியாகப் பேச முடியவில்லை. இதைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். மத்திய, மாநில வரி இரண்டையும் சேர்த்தே தொகை போட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று. ஜிஎஸ்டி உங்கள் லாபத்தின் மேல் வருவது இல்லை. அந்த மாதம் விற்ற பில்களில் நீங்கள் வாங்கிய வரியில், அந்த மாதம் சரக்கு எடுத்த பில்களில் நீங்கள் கொடுத்த வரியைக் கழித்தால் மிச்சம் எதுவோ அதைத்தான் கட்டுகிறோம். சரக்கு எடுப்பது ஒரு மாதம், விற்பது இன்னொரு மாதம் என்று ஆனால் தொகை ஏறி இறங்கத்தான் செய்யும்.

நவம்பரில் விற்பனை வரி 76,000. சரக்கு பில்லிலும் கடை வாடகை பில்லிலும் கொடுத்த வரி 57,400. மிச்சம் 18,600.

டிசம்பரில் பாதி மார்கழி. கல்யாணம் இல்லாததால் விற்பனை வரி 57,000தான் வந்தது. ஆனால் தை முகூர்த்தத்துக்காகக் குடோன் நிறைய சரக்கு இறக்கினீர்கள். அந்த மாத பில்களில் நீங்கள் கொடுத்த வரி 1,04,400. அதனால்தான் கட்ட வேண்டியது எதுவும் வரவில்லை. அது தள்ளுபடி இல்லை அண்ணாச்சி. ஜனவரியில் விற்கப்போகிற சரக்கின் வரியை நீங்கள் முன்கூட்டியே சப்ளையரிடம் கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஜனவரியில் பொங்கலும் வந்தது, சீர்வரிசை வியாபாரமும் வந்தது. எவர்சில்வர் பாத்திரம் 14 லட்சம், 5 சதவீதத்தில் வரி 70,000. மிக்சி, கேஸ் அடுப்பு 4 லட்சம்தான், ஆனால் 18 சதவீதத்தில் அதற்கு வரி 72,000. ஒரு லட்சத்துக்குப் பாத்திரம் விற்றால் 5,000, அதே ஒரு லட்சத்துக்கு மிக்சி விற்றால் 18,000. மொத்த விற்பனையை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. ஆக விற்பனை வரி 1,42,000. குடோனில் ஏற்கெனவே சரக்கு இருந்ததால் ஜனவரியில் கொஞ்சம்தான் எடுத்தீர்கள். அதில் கொடுத்த வரி 34,400. டிசம்பரில் மிஞ்சிய 29,400ஐயும் கழித்தேன். வந்தது 78,200.

டிசம்பரில் 47,400 அல்லவா மிஞ்ச வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கோயம்புத்தூர் மிக்சி சப்ளையர் டிசம்பரில் போட்ட ஒரு லட்ச ரூபாய் பில்லை இன்னும் தன் ரிட்டர்னில் காட்டவில்லை. அதற்கு நீங்கள் கொடுத்த வரி 18,000. சப்ளையர் காட்டினால்தான் 14ஆம் தேதி நமக்கு வரும் GSTR-2B என்ற கொள்முதல் பட்டியலில் அந்த பில் ஏறும். ஏறாத பில்லுக்குக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை, பில் கையில் இருந்தாலும், பணம் கொடுத்திருந்தாலும். அவர் ஒழுங்காகக் காட்டியிருந்தால் இந்த மாதம் 60,200தான். உங்களுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் இந்த 18,000 மேல்தான் வர வேண்டும். பணம் போய்விடவில்லை, அவர் காட்டுகிற மாதத்தில் கழித்துக்கொள்ளலாம். அதுவரை உங்கள் காசு முடங்கிக் கிடக்கிறது.

தீபாவளி மாதத்தில் வியாபாரம் அவ்வளவு நடந்தும் வரி குறைவாக இருந்ததே என்றும் சொன்னீர்கள். செப்டம்பர் 22 முதல் பாத்திரத்துக்கு வரி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 12 சதவீதம் கொடுத்து எடுத்த பழைய சரக்கை 5 சதவீதத்தில் விற்றோம். பழைய சரக்குக்குக் கூடுதலாகக் கொடுத்திருந்த அந்த வரி வரவு அக்டோபரோடு கழிந்து தீர்ந்துவிட்டது. இனி அந்த அளவை எதிர்பார்க்க வேண்டாம்.

இனிமேல் இரண்டு காரியம் செய்யலாம். அந்தச் சப்ளையரின் அடுத்த பில்லுக்குச் சரக்கு விலையை மட்டும் கொடுங்கள், வரித் தொகையை GSTR-2B-யில் பில் ஏறிய பிறகு கொடுங்கள். முன்னாடியே அவரிடம் சொல்லிவிட்டால் மனஸ்தாபம் வராது. ஆனால் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் முழுப்பணமும் போய்விட வேண்டும், இல்லையென்றால் கழித்துக்கொண்ட வரி வரவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அப்புறம், தினசரி வசூலில் வரிப் பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். டிசம்பர் மாதிரி கட்ட வேண்டாத மாதத்தில் அதை எடுத்துச் சரக்கு வாங்கிவிடாதீர்கள். ஜனவரியில் இந்த நெருக்கடி வந்ததே அதனால்தான்.

20ஆம் தேதி கடைசி நாள். தாண்டினால் வருடத்துக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டியும், நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும் சேரும். 19ஆம் தேதி மதியத்துக்குள் பணம் கணக்கில் இருந்தால் அன்றே சலான் போட்டு ரிட்டர்னை முடித்துவிடுகிறேன். கோயம்புத்தூருக்கு நானும் போன் போடுகிறேன், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் சீக்கிரம் நடக்கும்.

அன்புடன்,
முருகேசன்