பாதிக்கப்பட்டவரின் பாதிப்பு அறிக்கை

ஒன்ராறியோ நீதிமன்றம், ரொறன்ரோ
வழக்கு: ஆயுதம் காட்டிக் கொள்ளை, 2024 நவம்பர் 14
அறிக்கை தருபவர்: க. சிவநேசன், கடை உரிமையாளர், ஸ்காபரோ

மதிப்புக்குரிய நீதிபதி அவர்களுக்கு,

மனப் பாதிப்பு, உடல் பாதிப்பு, பணப் பாதிப்பு, பாதுகாப்புப் பற்றிய பயம் என்று படிவத்தில் பகுதி பகுதியாகக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இவை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. கடிதமாக எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள் என்று பாதிக்கப்பட்டோர் உதவிப் பிரிவில் இருக்கும் பெண் சொன்னார். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். கடையில் ஆங்கிலம் பேசிச் சமாளிப்பேன். ஆனால் இதைத் தமிழில்தான் என்னால் முழுமையாகச் சொல்ல முடியும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் உதவுவார் என்றும் அவர் சொன்னார்.

அன்று இரவு என்ன நடந்தது என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டபோது இரு தரப்பும் ஏற்ற உண்மைகளில் இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லவில்லை. எவ்வளவு தண்டனை என்பது உங்கள் முடிவு, அதைப் பற்றியும் எழுதவில்லை. அந்த இரவுக்குப் பிறகு என் வீட்டிலும் கடையிலும் என்ன மாறியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது சின்ன மூலைக்கடை. பின்னால் மூன்று மாடிக்கட்டிடங்கள், முன்னால் பஸ் தரிப்பிடம். பால், பாண், முட்டை, சிகரெட், லொத்தர், ரெலிபோன் காட், ஒரு தட்டில் எங்கள் ஊர் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும். 2006 இல் வாங்கினோம். அதற்கு முன் நான் தொழிற்சாலையில் இரவு வேலை, மனைவி ஹோட்டலில் அறை துப்புரவு. இருவருடைய சேமிப்பும், சீட்டுக் காசும், மைத்துனர் தந்த கடனும் சேர்ந்துதான் அந்தக் கடை. இரண்டு பிள்ளைகளும் கவுண்டருக்குப் பின்னால் இருந்து வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தார்கள்.

முதலில் உடம்பைச் சொல்லிவிடுகிறேன். துவக்கின் பிடியால் அடித்ததில் இடது புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். அது ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. சிகரெட் அலுமாரியோடு மோதி விழுந்ததில் இடது மணிக்கட்டு உடைந்தது. கட்டை அவிழ்த்த பிறகும் கை பழையபடி வரவில்லை. பால் பெட்டிகளைக் குளிரூட்டிக்குள் தூக்கி வைக்க முடியாது. எனக்கு 58 வயது. கடைக்காரனுக்குப் பாதி வேலை தூக்குவதுதான். இப்போது சாமான் வரும் நாட்களில் மகன் வகுப்பை விட்டுவிட்டு வருகிறான், அல்லது காசு கொடுத்து ஆள் பிடிக்கிறேன்.

காசுக் கணக்கை ரசீதுகளோடு இழப்பீட்டுப் படிவத்தில் தனியாகக் கொடுத்திருக்கிறேன். லாச்சியில் இருந்த 1,460 டொலரும், சிகரெட்டும், சுரண்டல் லொத்தர்களும் போனது அதில் சின்னப் பகுதி. காப்புறுதி நிறுவனம் ஏதும் தருவதற்கு முன் முதல் 2,500 டொலரை நானே ஏற்க வேண்டும். புதுப்பிக்கும்போது கட்டணத்தையும் கூட்டிவிட்டார்கள். மின்பூட்டுக் கதவு, புதிய கமராக்கள், கவுண்டருக்குக் கண்ணாடித் தடுப்பு எல்லாம் கடனில் செய்தவை. முன்பு இரவு 11 மணி வரை திறந்திருப்போம். இப்போது 8 மணிக்கே பூட்டுகிறேன். இரவு வேலைக்குப் போகிறவர்களும் வேலை முடிந்து கடைசி பஸ்களில் இறங்குகிறவர்களும்தான் எங்கள் கடையைத் தாங்கியவர்கள். அந்த மூன்று மணித்தியால வியாபாரம் போய்விட்டது. வாடகையில் மூன்று மணித்தியாலத்தை யாரும் கழித்துத் தருவதில்லை.

ஆனால் இந்தக் கடிதத்தை நான் எழுதுவது காசுக்காக அல்ல.

அன்று என் மனைவி பின்னறையில் மட்டன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தா. நான் விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தா. அவ வந்ததும் துவக்கு என் தலையிலிருந்து அவவின் பக்கம் திரும்பியது. எனக்குள் நிற்பது அந்த இடம்தான். என் தலையில் இருந்தபோது மனம் மரத்துப் போயிருந்தது. அவவின் பக்கம் திரும்பியபோது என் பிள்ளைகளுக்குத் தாய் இல்லாமல் போகப் போகிறது என்று தெளிவாக நினைத்தேன். துவக்கில் குண்டு இருந்தது என்று பிறகு பொலிசார் சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து மனைவி கடைக்குள் கால் வைக்கவில்லை.

ரோல்ஸ் வைத்த கண்ணாடிப் பெட்டி இப்போது வெறுமையாக இருக்கிறது. அதை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. பெரிய வருமானம் இல்லை, உண்மை. ஆனால் அது அவவின் பகுதி. பிலிப்பைன்ஸ் நாட்டு அம்மா ஒருவர் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு டசின் வாங்குவார். பக்கத்துக் கட்டிடத்துக் காவலாளி உறைப்பைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிச் சண்டை பிடிப்பார். அவர்களோடு பேசிப் பேசித்தான் மனைவி ஆங்கிலம் பழகினா. இந்த நாட்டில் அவ தனக்கென்று தேடிக்கொண்ட மனிதர்கள் அவர்கள். இன்று அவ வீட்டில் திரைச்சீலையை மூடிவிட்டு இருக்கிறா. கதவு மணி அடித்தால் நான் போய்ப் பார்க்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. பாதிக்கப்பட்டோருக்கான உதவித் திட்டத்தின் மூலம் உளவள ஆலோசனை கிடைத்தது. சில தடவை போனா, பிறகு பஸ்ஸில் ஏறப் பயந்து நிறுத்திவிட்டா. நான் கொண்டுபோய் விடுவதென்றால் கடையைப் பூட்ட வேண்டும்.

எனக்கு நித்திரை இல்லை. குடும்ப வைத்தியர் குளிசை தந்திருக்கிறார். பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் என்று எழுதித் தந்த கடிதத்தை இதோடு இணைத்திருக்கிறேன். கண்ணயர்ந்தால் கதவு திறக்கும் மணிச்சத்தம் கேட்கிறது. வீட்டில் அப்படி மணி இல்லை என்று தெரிந்தும் எழும்பிப்போய் எல்லாப் பூட்டையும் பார்க்கிறேன். மகள் ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, நான் பார்த்திட்டன், எல்லாம் பூட்டியிருக்கு, வாங்கோ" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். 19 வயதுப் பிள்ளை தகப்பனை அப்படிக் கூட்டி வரும் நிலை அந்த வீட்டில் முன்பு இருந்ததில்லை.

கோயிலில் சந்திக்கிற எங்கள் ஆட்கள் சிலர், "அண்ணை, செல்லடிக்குள்ள இருந்து வந்த ஆள் நீங்கள், இதுக்குப் பயப்படலாமோ?" என்று கேட்கிறார்கள். ஆறுதலாகத்தான் கேட்கிறார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் வெளிக்கிட்டபோது நானும் அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கொக்குவிலில் இருந்து சாவகச்சேரிக்கு நடந்தவன். துவக்கு எனக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே பயத்தை ஊரோடு சேர்ந்து பட்டோம். ஓடினால் எல்லாரும் ஓடினோம், பதுங்கினால் ஒரே பங்கருக்குள் பதுங்கினோம். இங்கே நான் தனி. அதோடு, கனடாவுக்கு வந்து இறங்கிய 1998 இலிருந்து, எது வந்தாலும் அந்தத் துவக்குப் பயம் இனி இல்லை என்று நம்பித்தான் வாழ்ந்தேன். வாடகைக்குக் கஷ்டப்பட்டபோதும், குளிரில் பஸ்ஸுக்கு நின்றபோதும் அந்த நம்பிக்கை இருந்தது. அன்று இரவோடு அது போய்விட்டது. மறந்திருந்த பழைய சத்தங்களும் திரும்பி வந்துவிட்டன. முன்பே பட்டவனுக்கு இது குறைவாக வலிக்கும் என்று யாரும் தயவுசெய்து நினைக்க வேண்டாம். எனக்கு அது மறுபக்கமாகத்தான் நடந்தது.

இன்னும் ஒன்று. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

கடைக்காரன் என்பவன் வருகிற ஆளை முகம் பார்த்துச் சிரிப்பவன். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் என் கண் முன்னால் வளர்ந்தவர்கள். பத்துச் சதம் குறைந்தால் பிறகு தா என்பேன், கொண்டுவந்து தருவார்கள். தாய் வேலையால் வரப் பிந்தினால் என் கடைக்குள் நின்றுகொள்ளும் பிள்ளைகள் இருந்தார்கள். அதில் ஒருவன் இப்போது பத்தாம் வகுப்பு. ஜனவரியில் கடும் குளிர் நாள் ஒன்றில் தலையை மூடி, முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கதவடியில் வந்து நின்றான். கதவைத் திறக்கும் பொத்தான் என் கைக்குப் பக்கத்தில். கை போகவில்லை. உடம்பெல்லாம் நடுங்கி, கவுண்டருக்குக் கீழே குனிந்துவிட்டேன். அவன் துணியை விலக்கி முகத்தைக் காட்டினான், கையை ஆட்டினான். நான் நிமிர்ந்து பொத்தானை அமத்தும் நேரம் அவன் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். பிறகு அவன் வரவில்லை. தாய் வருவா, பாலும் பாணும் வாங்குவா, முன்புபோல நின்று கதைப்பதில்லை.

அந்தப் பிள்ளை எதுவும் செய்யாதவன். என்னுடைய பயத்துக்கு அவன் விலை கொடுத்தான். அன்றிரவு கொள்ளையடித்தவர் அவனையும் அந்தத் தாயையும் அறிந்திருக்க மாட்டார். அவர்களுக்கும் இது நடந்தது என்பது இந்த நீதிமன்றத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். அவர்களுக்கு இந்தப் படிவத்தை யாரும் கொடுக்கப் போவதில்லை.

நீங்கள் அனுமதித்தால், குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த இளைஞருக்கும் நேரடியாகச் சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன். உங்களுக்கு 23 வயது என்று சொன்னார்கள். என் மகனை விட ஒரு வயது கூட. என்னையும் என் மனைவியையும் நீங்கள் சாட்சிக் கூண்டில் நிறுத்தாமல் ஒப்புக்கொண்டீர்கள். மனைவிக்கு அது பெரிய உதவி, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்று நீங்கள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, லாச்சியைத்தான் பார்த்தீர்கள். இன்று நான் இதை வாசிக்கும்போது என் முகத்தைப் பாருங்கள்.

இனி வருவதைப் பற்றிய பயமும் இருக்கிறது. அவர் வெளியே வரும் நாளில் எங்கள் கடை அதே மூலையில்தான் இருக்கும். எங்களுக்கு வேறு தொழில் இல்லை, விற்றுவிட்டுப் போகவும் இப்போதைய வியாபாரத்துக்கு நல்ல விலை வராது. அவர் கடைக்கோ வீட்டுக்கோ கிட்ட வரக்கூடாது என்றும், எங்களோடு தொடர்புகொள்ளக் கூடாது என்றும் கட்டளை கேட்கும்படி அரச வழக்கறிஞரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு கட்டளை இருந்தால், மனைவியிடம் காட்ட என் கையில் ஒரு தாளாவது இருக்கும். விடுதலை பற்றிய தகவலையும் எங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த அறிக்கையை நானே வாசிக்க விரும்புகிறேன். திரை தேவையில்லை. மகள் பக்கத்தில் நிற்க அனுமதி வேண்டும். என்னால் தொடர முடியாமல் போனால் மிகுதியை அவள் வாசிப்பாள்.

நான் அறிந்தவரை, இந்த அறிக்கையில் உள்ளவை உண்மையானவை.

க. சிவநேசன்
ஸ்காபரோ, ஒன்ராறியோ
2025 செப்டம்பர் 8