நெட் மெதுவாகும் நேரங்கள்: வீட்டுப் பதிவேடு, தென்காசி, ஜூன் – ஜூலை 2025

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் யாருக்கு நெட் இழுத்தாலும் அந்த நிமிடமே இதில் எழுத வேண்டும். இரவு உட்கார்ந்து யோசித்து எழுதக் கூடாது. தேதி, நேரம், எந்தக் கருவி, எந்த அறை, வானம் எப்படி, வேகம் எவ்வளவு. நன்றாக ஓடும் நாளிலும் ஒரு தடவை எழுதி வையுங்கள். கெட்டதை மட்டும் எழுதினால் எல்லா நாளும் கெட்ட நாளாகத்தான் தெரியும். நாம் பணம் கட்டுவது 100 மெகாபிட்டுக்கு.

ஜூன் 23, இரவு 8.40. என் கைப்பேசி, கூடம். மழை. 9 மெகாபிட். கணக்கு டியூஷன் நடுவில் பையனின் முகம் உறைந்து நின்றது. நான் பாதிப் பலகை வரை எழுதிய பிறகுதான் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை என்று தெரிந்தது.

ஜூன் 24, காலை 6.10. கைப்பேசி, கூடம். வெயில். 88.

ஜூன் 25, மாலை 3.15. கைப்பேசி, கூடம். சாரல். 6. புகார் சொன்னேன். "சாரல் காலத்தில் அப்படித்தான் இருக்கும், அக்கா" என்றார்கள். குற்றால மலை இருக்கும்வரை சாரல் இருக்கும். அதுவரை மாதப் பணமும் கட்ட வேண்டுமாம்.

ஜூன் 26, இரவு 9.05. மகனின் மடிக்கணினி, மாடி அறை. மழை இல்லை. 31.

ஜூன் 27, பகல் 11.00. அதே மடிக்கணினி. 12. என் கைப்பேசியில் 85. உள்ளே ஏதோ அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தது. லைன் மேல் குற்றமில்லை, கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூன் 28, பகல் 11.30. கைப்பேசி, கூடம். விடிந்ததிலிருந்து ஓயாத சாரல். 86. மாலை 4 மணிக்கும் 84. அப்படியானால் சாரல் என்னதான் செய்கிறது? கொடியில் போட்ட துண்டு நனைந்து கனத்து அசையாமல் தொங்குகிறது. 25ஆம் தேதி அதே கொடியிலிருந்து இரண்டு சேலைகள் பக்கத்து வீட்டுக்குப் பறந்தன.

இன்று முதல் காற்றுக்கு ஒரு கட்டம். நம்மிடம் அளக்கும் கருவி இல்லை, வீட்டு அளவே போதும். 0: கொடித்துணி அசையவில்லை. 1: துணி ஆடுகிறது. 2: தென்னை மட்டை ஒரு பக்கமாகச் சாய்கிறது. 3: முற்றத்து வாளி உருள்கிறது. இன்னொன்று: கைப்பேசியில் பார்த்த பிறகு மடிக்கணினியை ரூட்டரில் ஒயர் போட்டும் பார்க்க வேண்டும். ஒயரிலும் மெதுவென்றால் வைஃபை மேல் பழி இல்லை.

ஜூன் 30, மதியம் 2.40. நல்ல வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. காற்று 3. கைப்பேசி 6, ஒயர் 7.

ஜூலை 1, காலை 5.50. காற்று 0. ஒயர் 93. மகன் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து `Rx Power` என்ற இடத்தைக் காட்டினான். −22.1 dBm. ஃபைபர் வழியே நம் வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்குகிறது. 3 கூடினாலே பாதி ஒளி போய்விடும். −27ஐ ஒட்டினால் தகராறுதான் என்கிறான். இதற்கும் ஒரு கட்டம்.

ஜூலை 2, மாலை 4.10. சாரல், காற்று 3. ஒயர் 5. ஒளி −27.4. பக்கத்தைப் புதுப்பித்தால் −23.0. மறுபடி −27.1. காற்று ஓங்கும்போது மங்குகிறது, தணிந்தால் தெளிகிறது. ஐந்து நிமிடம் சன்னலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

ஜூலை 3, இரவு 9.10. காற்று 0, மழை இல்லை. ஒயர் 34. ஒளி −22.2. ஒளி நன்றாக இருந்தும் மெதுவு. இது வேறு நோய்.

ஜூலை 5, மாலை 6.30. கைப்பேசி, அடுப்படி. 4. ஒயர் 91. மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தியதும் கைப்பேசியில் 60. கணக்கில் இல்லை. இனி அடுப்படியில் யாரும் அளக்க வேண்டாம்.

ஜூலை 6, ஞாயிறு, மதியம் 1.00. ஒரு மணி நேரம் கொட்டு மழை, காற்று 0. ஒயர் 90, ஒளி −22.0.

ஜூலை 8, மதியம் 1.30. வெயில், காற்று 3. ஒயர் 3, பிறகு அதுவும் இல்லை. ஒளி வரவில்லை என்று காட்டும் `LOS` விளக்கு ரூட்டரில் இரண்டு நிமிடம் சிவப்பாக மின்னியது. அவரை மொட்டை மாடிக்கு அனுப்பினேன். மூன்றாவது கம்பத்தருகே வேப்பங்கிளை நம் கறுப்பு ஒயர்மேல் விழுந்து விழுந்து எழுகிறதாம். "இப்போது அமுக்குகிறது!" என்று மேலிருந்து கத்துவார், கீழே விளக்கு சிவக்கும். "விட்டுவிட்டது!" என்பார், அணையும். ஆறு தடவை பார்த்தோம், ஐந்து தடவை ஒத்துப்போனது.

ஜூலை 9. நோட்டைப் படித்துப் பார்த்தேன். காற்று 3 என்று எழுதியது மூன்று நாள். மூன்றிலும் வேகம் 10ஐத் தொடவில்லை. அதில் இரண்டு நாள் மழையே இல்லை. காற்றில்லாத மழை இரண்டு நாள், இரண்டிலும் 84க்குக் குறையவில்லை. ஜூன் 23, 25 இரண்டையும் சேர்க்க முடியாது. அன்று காற்றை நான் எழுதவில்லை, சேலை பறந்ததை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரவு 9 மணிக்கு மேல் 30 சொச்சம் என்பது தனி. ஊரே அப்போதுதான் படம் பார்க்கிறது போலும்.

புகாராக அனுப்பியது: "காற்று பலமாக அடிக்கும் நேரத்தில் மட்டும் ஒளி −22இலிருந்து −27க்கு இறங்குகிறது. மூன்றாவது கம்பத்தருகே வேப்பங்கிளை ஒயரை அழுத்துகிறது. காலையில் வந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தெரியும். மதியம் 1 மணிக்கு மேல் ஆள் அனுப்பவும்."

ஜூலை 11, காலை 10.00. லைன்மேன் காலையிலேயே வந்தார். காற்று 0, ஒயர் 93. "நன்றாகத்தானே இருக்கிறது, அக்கா?" என்றார். நோட்டைக் கொடுத்தேன். நின்றபடி படித்தவர் ஜூலை 2 வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். "இதை யார் எழுதச் சொன்னது?" "நீங்கள்தான் தம்பி, சாரல் என்று சொல்லி." சிரித்துவிட்டு, நாளை மதியம் ஏணியோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

ஜூலை 12, மதியம் 2.15. காற்று 3. ஒளி −27.0, அவரே பார்த்தார். கிளையை வெட்டினார்கள். அது மட்டுமல்ல: கம்பத்தில் கட்டிய இடத்தில் ஒயர் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. ஃபைபர் சுருண்டு போகலாம், இப்படி ஒடிந்து மடங்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும் என்றார். கிளை அமுக்கும்போதெல்லாம் அந்த மடிப்பு இன்னும் இறுகியிருக்கிறது. அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் புது ஒயர் சேர்த்தார்கள். 3.40க்கு ஒளி −20.6, ஒயர் 92.

ஜூலை 17, ஆடி 1, மாலை 3.00. வாளி கிணற்றடிவரை உருண்டது. அம்மி மட்டும் இடத்தில் இருக்கிறது. காற்று 3, ஒயர் 92, ஒளி −20.7.

ஜூலை 18, இரவு 9.15. காற்று 1. ஒயர் 33, ஒளி −20.6. இரவு மெதுவு அப்படியே இருக்கிறது. டியூஷனை 7 மணிக்கு மாற்றிவிட்டேன். நாளையிலிருந்து ஒரு வாரம் 7, 8, 9, 10 மணிக்கு ஒயரில் மட்டும் அளக்க வேண்டும். 10 மணி அளவு மகனின் பொறுப்பு.